டைல்ஸின் முதுகைப் பார்த்தவர் எழுதிய ஒன்றரைப் பக்கம்

டைல்ஸ் தரை தூக்கிக்கொண்டதென்று வழக்குப் போட்டவர் கையில் கடைசியில் ஒரு நிபுணர் அறிக்கை வந்து சேரும். படம், வரைபடம், அளவுப் பட்டியல் எல்லாம் சேர்ந்து நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். பெரும்பாலோர் ஊன்றிப் படிப்பது முன்னால் உள்ள ஒன்றரைப் பக்கச் சுருக்கத்தைத்தான். அதிலும் வீட்டுக்காரர் கண் ‘காரணம் இன்னது’ என்ற ஒரு வரியைத் தேடி ஓடும். அது தமக்குச் சாதகமாக இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் ‘அவங்க ஆளுப்பா இவரு’ என்று கோபம். அந்த வரி எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் தாங்கும் என்பதோ அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்திகளில் இருக்கிறது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அப்படியொரு சுருக்கத்தை எடுத்துவைத்து மெதுவாகப் பார்ப்போம்.

வழக்கு, விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. ஆனால் அதில் நடப்பவை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி காண்பவைதாம். சென்னைப் புறநகர் அடுக்ககம் ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. 2021 மார்ச்சில் சாவி கைக்கு வந்தது. 2023 டிசம்பரில் ஓர் இரவு ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நடு ஹாலில் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழுந்து நிற்கின்றன. ஹால் 6 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். கடைக்காரர்கள் ‘டூ பை டூ’ என்று சொல்லும் 600 மில்லிமீட்டர் விட்ரிஃபைடு டைல்ஸ், மொத்தம் எழுபது. கட்டுநரிடம் சொன்னால், “தினமும் தண்ணி ஊத்திக் கழுவுறீங்க சார், அதான்” என்று பதில் வந்தது. பேச்சு முற்றிப் புகார் ஆயிற்று. வீட்டுக்காரரின் வழக்கறிஞர் ஒரு கட்டடப் பொறியாளரை நிபுணராக அமர்த்தினார்.

சுருக்கத்தின் முதல் பத்தி, நிபுணரிடம் என்ன கேட்கப்பட்டது என்பது. இதைப் படிப்பவர்கள் வெறும் சடங்கு என்று தாண்டிவிடுவார்கள். நான் முதலில் படிப்பது இதைத்தான். வழக்கறிஞர் அனுப்பிய முதல் கடிதத்தில், ‘மட்டமான பசை போட்டதால்தான் டைல்ஸ் தூக்கியது என்பதை உறுதிசெய்து அறிக்கை தரவும்’ என்று இருந்தது. நிபுணர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வியை மாற்றி எழுதி அனுப்பி, சம்மதம் வாங்கிக்கொண்டார். ஹால் தரை எதனால் பிடி விட்டது? மற்ற டைல்ஸின் நிலை என்ன? கட்டுநர் சொல்லும் தண்ணீர்க் காரணம் தாங்குமா? இந்த மூன்றும்தான் அவருக்கு விடப்பட்ட கேள்விகள் என்று சுருக்கம் சொல்கிறது. முதல் கடிதத்தின் சாரத்தையும் அவர் மறைக்கவில்லை, ஒரு வரியில் எழுதிவிட்டார்.

ஏன் எழுத வேண்டும்? பதில் கேள்வியைப் பொறுத்தது. ‘பசை மட்டமா’ என்று மட்டும் கேட்டால், பசை நல்லதாக இருந்து போட்ட விதம் கெட்டிருந்தாலும் அறிக்கை அதைத் தொடாமல் போய்விடும். இங்கிலாந்தில் சிவில் நடைமுறை விதிகளின் 35-ஆம் பகுதி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பணம் கொடுப்பவருக்கு உள்ள கடமையைவிட நீதிமன்றத்துக்கு உள்ள கடமையே மேல், தனக்குக் கொடுக்கப்பட்ட முக்கியமான அறிவுறுத்தல்களின் சாரத்தை நிபுணர் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. நம் சட்டம் அறிக்கைக்கு அந்த அளவு அச்சு வார்த்துத் தரவில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, இப்போது 2023-இன் பாரதிய சாக்ஷிய அதிநியமில் 39-ஆம் பிரிவு, நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அந்தக் கருத்துக்கான அடிப்படைகளும் கணக்கில் வரும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. அடிப்படை தெரியாத கருத்து குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் நிற்காது என்பதால், விவரமான நிபுணர்கள் இங்கேயும் அந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறார்கள்.

அதே பத்தியில் அவர் என்னென்ன காகிதங்களைப் பார்த்தார் என்பதும் இருக்கிறது. சாவி ஒப்படைப்புக் கடிதம், விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள பொருள் விவரப் பக்கம், வீட்டுக்காரர் கைப்பேசியில் எடுத்த படங்கள், கட்டுநரின் பதில் கடிதம். விவரப் பக்கத்தில் ‘ஹாலுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது, எதை வைத்து ஒட்டுவது என்று ஒரு சொல்லும் இல்லை. அட்ஹெசிவ் வாங்கிய பில், டைல்ஸ் போட்ட தேதி, அதற்கு அடியில் உள்ள மட்டக் கலவை போட்ட தேதி மூன்றையும் கட்டுநரிடம் கேட்டிருக்கிறார், வரவில்லை. ‘கேட்டேன், அறிக்கைத் தேதிவரை கிடைக்கவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். வராததிலிருந்து எதையும் ஊகித்து எழுதவில்லை. அது அவர் வேலை இல்லை, விசாரிக்கிறவர்கள் வேலை.

இனி தரைக்கு வருவோம். டைல்ஸ் ஏன் எழுகிறது என்பது புரியாமல் அடுத்த பத்தி புரியாது.

டைல்ஸுக்கு அடியில் கான்கிரீட் தளம், அதன்மேல் மட்டம் எடுக்கப் போட்ட சிமென்ட் மணல் கலவை, அதன்மேல் அட்ஹெசிவ், பிறகு டைல்ஸ். கான்கிரீட்டும் கலவையும் உலர உலரச் சுருங்கும், வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் சுருங்காது. அது சூளையில் வெந்து இறுகியது, தண்ணீர் உறிஞ்சுவதே எடையில் அரை சதவீதத்துக்கும் கீழே. ஆக, கீழே உள்ள தரை குட்டையாகிறது, மேலே உள்ள டைல்ஸ் வரிசை அதே நீளத்தில் நிற்கப் பார்க்கிறது. பிடி நன்றாக இருந்து, சுவரோரம் இடைவெளியும் இருந்தால் இந்த நெருக்கடி சத்தமில்லாமல் தணிந்துவிடும். பிடியும் பலவீனம், சுவரிலும் முட்டிக்கொண்டிருக்கிறது என்றால் வரிசைக்கு ஒதுங்க இடமில்லை. மேலேதான் போக வேண்டும்.

எவ்வளவு சுருக்கம் வேண்டும் என்று கேட்பீர்கள். நிபுணர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார். டைல்ஸ் போட்ட பிறகு மீட்டருக்கு 0.4 மில்லிமீட்டர் சுருக்கம் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் ஹாலில் 2.4 மில்லிமீட்டர். அரிசி மணியின் பருமன் அளவுதான். ஆனால் அந்த 2.4 மில்லிமீட்டர் முழுவதையும் இரண்டு டைல்ஸ் மட்டும் எழுந்து ஈடுகட்டினால், அவை சந்திக்கும் விளிம்பு 38 மில்லிமீட்டர் மேலே வந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 600 மில்லிமீட்டர் சாய்ந்த பக்கம், 38 உயரம் என்று ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தால், அடிப்பக்கம் 598.8 வரும். ஒரு டைல்ஸுக்கு 1.2 குறைகிறது, இரண்டுக்கு 2.4. ‘இவ்வளவு உயரம் எழணும்னா கட்டடமே அசைஞ்சிருக்கணும்’ என்று பயந்துபோய்க் கேட்பவர்களுக்கு இந்த முக்கோணமே பதில். வீட்டுக்காரர் எடுத்த படத்தில் டைல்ஸ் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் எழுந்திருக்கிறது. கணக்கோடு ஒத்துப்போகிறது.

டிசம்பர் இரவில் ஏன் என்பதற்கும் இதிலேயே ஒரு பகுதி விடை உண்டு. குளிர்ந்தால் கான்கிரீட், டைல்ஸைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும். ஆனால் பத்து டிகிரி குறைந்தாலும் 6 மீட்டரில் அந்த வித்தியாசம் 0.2 மில்லிமீட்டருக்குள்தான். அதனால் குளிர் இதைத் தொடங்கிவைக்கவில்லை, ஏற்கெனவே நிறைந்திருந்த நெருக்கடிக்குக் கடைசித் தள்ளு கொடுத்திருக்கலாம் என்கிறார் நிபுணர். ‘திடீரென்று’ நடந்தது என்று எல்லாரும் சொல்லும் இந்தச் சம்பவம் திடீரென்று நடப்பதே இல்லை. சத்தம் மட்டும்தான் திடீர்.

இப்போது அவர் செய்த வேலை. முதலில் தரையில் மீந்திருந்த டைல்ஸ் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். தட்டுவது என்றால் கம்பியின் நுனியால் ஒவ்வொரு டைல்ஸையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டி, ஒலியை வரைபடத்தில் குறிப்பது. திடமான ஒலி, கூடான ஒலி என்று இரண்டு நிறம். எழுந்து உடைந்தவை உட்பட ஒன்பது டைல்ஸ் ஏற்கெனவே பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தன, மீதி அறுபத்தொன்றில் முப்பத்தைந்து கூடாக ஒலித்தன. வழக்கறிஞர்களுக்கு இந்த எண் ரொம்பப் பிடிக்கும், ‘பாதிக்கு மேல் பிடிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். நிபுணர் அப்படி எழுதவில்லை. கூடான ஒலி, அடியில் எங்கோ வெற்றிடம் இருக்கிறது என்றுதான் சொல்லும். அது டைல்ஸுக்கும் பசைக்கும் நடுவிலா, பசை படாத மூலையிலா, மட்டக் கலவைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவிலா என்பதைக் காது சொல்லாது. மூலையில் மட்டும் கூடாக ஒலிக்கும் டைல்ஸ் இருபது வருடம் அசையாமல் கிடப்பதும் உண்டு.

அதனால்தான் திறந்து பார்க்க வேண்டும். இதுதான் அறிக்கையின் உயிர். பெயர்த்த டைல்ஸின் முதுகும், அது இருந்த தரையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு ஜோடி. பிரிந்த இடம் எது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். முதுகு வெளுத்துச் சுத்தமாக இருந்து, தரையில் அட்ஹெசிவ் சீப்புக் கரண்டி இழுத்த வரிகளோடு அப்படியே நின்றால், பசை டைல்ஸைப் பிடிக்கவே இல்லை. பசை பாதி முதுகில், பாதி தரையில் கிழிந்திருந்தால், ஒட்டியது ஒட்டிப் பிறகு பசையே பலம் தாங்காமல் போயிருக்கிறது. முதுகில் பசையோடு மணலும் சேர்ந்து வந்தால் மட்டக் கலவை பலமில்லாமல் இருந்திருக்கிறது. சிமென்ட் போதவில்லை அல்லது நனைத்து வைக்கவில்லை. கலவை முழுவதுமே பலகையாகத் தளத்தைவிட்டுப் பெயர்ந்து வந்தால் டைல்ஸ் போட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது.

நிபுணர் ஆறு டைல்ஸ் திறந்தார். எழுந்த இடத்தை ஒட்டியிருந்த இரண்டு, கூடாக ஒலித்தவற்றில் இரண்டு, திடமாக ஒலித்தவற்றில் இரண்டு. கடைசி இரண்டையும் எதற்கு உடைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டாராம். கெட்ட இடத்தை மட்டும் திறந்தால், கெட்டதும் நல்லதும் எதில் வேறுபடுகின்றன என்று சொல்ல முடியாது. நல்ல டைல்ஸைத் திறக்காத அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவார்.

எழுந்த இடத்திலும் கூடான இடத்திலும் நான்கும் ஒரே மாதிரி. முதுகு ஏறக்குறைய வெறுமை. தரையில் பசை வரிகள் நசுங்காமல், முகடு வட்டமாக, மேலே மெல்லிய தோல் படர்ந்து நின்றன. பசை முதுகில் பட்ட தடம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. திடமான இரண்டிலும் வரிகள் நசுங்கிப் பரவியிருந்தன, முக்கால் பங்குக்கு மேல் தடம், பெயர்க்கும்போது பசை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது. ஒரே ஹாலில், ஒரே நிறத்தில் ஒரே பொருளாகத் தெரியும் பசை ஓர் இடத்தில் பிடித்திருக்கிறது, இன்னோர் இடத்தில் பிடிக்கவில்லை.

அந்தத் தோலைப் பற்றி ஒரு சொல். அட்ஹெசிவ்வைத் தரையில் இழுத்த பிறகு டைல்ஸை வைத்து அழுத்த ஒரு நேர வரம்பு உண்டு. சாதாரண வகைக்கு ஆய்வக அளவில் இருபது நிமிடம். சென்னை வெயிலில், ஜன்னல் மாட்டாத கட்டடத்தில், காற்று அடிக்கும்போது அது இன்னும் குறையும். மேஸ்திரி வேலையை வேகமாக முடிக்கப் பெரிய பரப்பில் பசையை இழுத்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால், கடைசியில் வைப்பவற்றுக்கு அடியில் பசை காய்ந்து தோல் கட்டிவிடும். தொட்டால் ஈரமாகத் தெரியும், ஆனால் விரலில் ஒட்டாது. அதன்மேல் டைல்ஸ் வைத்தால் உட்காரும், மட்டமும் வரும், அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஹால் வரைபடத்தில் திடமான டைல்ஸ் ஒரு பட்டையாகவும், கூடானவை அதற்கு அடுத்த பட்டையாகவும் மாறி மாறி வந்ததை நிபுணர் சுட்டிக்காட்டுகிறார். இழுத்த பரப்பின் தொடக்கம் நன்றாகவும் முடிவு மோசமாகவும் இருந்தால் இப்படித்தான் வரும். அறிக்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒருத்தர் மூன்று வருடத்துக்கு முன்னால் எந்தப் பக்கமிருந்து வேலை செய்துகொண்டு வந்தார் என்பது தரையில் எழுதியிருக்கிறது.

முதுகில் வெள்ளைப் பொடியும் கொஞ்சம் இருந்தது. சூளையில் டைல்ஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பூச்சு அது. துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், பலர் துடைப்பதில்லை. ஆனால் திடமான இரண்டிலும் அதே பொடி இருந்ததால், இங்கே அதை முதன்மைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்.

அடுத்து ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினார். தரை டைல்ஸ் சுவரோரம் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், அந்த இடைவெளி காலியாகவோ மெத்தென்ற பொருளாலோ இருக்க வேண்டும், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். இங்கே இரண்டு நீளவாட்டு முனைகளிலும் டைல்ஸ் பூச்சோடு முட்டியிருந்தது, இருந்த சந்தையும் சிமென்ட் போட்டு அடைத்திருந்தார்கள். டைல்ஸ்களுக்கு நடுவில் ஜாயின்ட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ‘கோடே தெரியக்கூடாது’ என்று வீட்டுக்காரர்களே கேட்பதும் உண்டு, விற்பனைக் காட்சிக்கூடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். தரைக்கு அது நல்லதில்லை.

கடைசியாக இழுவைச் சோதனை. டைல்ஸில் 50 மில்லிமீட்டர் சதுரத்தை வெட்டித் தனித்து, மேலே உலோகக் கட்டையை எபாக்ஸியால் ஒட்டி, கருவியால் நேராக மேலே இழுப்பது. சாதாரணச் சிமென்ட் அட்ஹெசிவ்வுக்கு ஐரோப்பியத் தரம் கேட்பது சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன். அந்தச் சின்னச் சதுரத்தில் அது 1,250 நியூட்டன், சுமார் 127 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். திடமான இடத்தில் 0.6 வந்தது. கூடான இடத்தில் ஒன்றில் 0.15, இன்னொன்று வெட்டும்போதே கழன்றுவிட்டது. கழன்றதைச் சுழியம் என்று எழுதாமல் ‘அளக்க இயலவில்லை’ என்று எழுதியிருக்கிறார். வெட்டும் கருவியின் அதிர்விலும் கழன்றிருக்கலாம் அல்லவா? இப்படி ஒரு சொல்லில் காட்டும் கண்டிப்பை வைத்தே மற்றதையும் நம்பலாமா என்று முடிவுசெய்வேன் நான்.

இனி கருத்து. சுருக்கத்தில் அவர் பிடி விட்டதற்கும், எழுந்ததற்கும் தனித்தனியாகக் காரணம் சொல்கிறார். பிடி விட்டதற்குக் காரணம், பசை தோல் கட்டிய பிறகு டைல்ஸ் வைத்ததும் போதிய அளவு அழுத்தாததும். எழுந்ததற்குக் காரணம், சுவரோரம் இடைவெளி விடாததால் சுருக்கத்தின் நெருக்கடி ஒதுங்க இடமில்லாமல் போனது. முதலாவது மட்டும் இருந்திருந்தால் டைல்ஸ் கூடாக ஒலித்துக்கொண்டு கிடந்திருக்கலாம், இரண்டாவது மட்டும் இருந்திருந்தால் நல்ல பிடி தாங்கியிருக்கலாம், இரண்டும் சேர்ந்ததுதான் இந்த விளைவு என்பது அவர் கருத்து. முதலாவதை ‘உறுதியாக’ என்றும், இரண்டாவதை ‘பெரும்பாலும்’ என்றும் வேறு வேறு சொல்லால் எழுதுகிறார். பசையின் தோலைக் கண்ணால் பார்த்தார், சுருக்கத்தைக் கணக்கால் மட்டும் பார்த்தார், அதனால்.

தண்ணீரைப் பற்றி: கட்டுநர் சொன்னதை அவர் ஏளனம் செய்யவில்லை. தண்ணீர் இறங்கியிருந்தால் ஜாயின்ட் ஓரம் வெள்ளை உப்புப் பூத்திருக்கும், திறந்த இடத்தில் கலவை ஈரம் காட்டும், வாசல் பக்கமும் பால்கனிப் பக்கமும்தான் அதிகம் கெட்டிருக்கும். மூன்றும் இல்லை, கெட்டது நடு ஹால். தவிர, தண்ணீர் பிற்பாடு வந்து பசை வரியின் முகட்டை வட்டமாக்கித் தோல் போர்த்த முடியாது. அது ஒட்டிய அன்றே நடந்தது. ஆகவே தண்ணீர் காரணமல்ல என்கிறார்.

மற்ற டைல்ஸின் நிலை என்ன என்ற கேள்விக்கு, கூடாக ஒலிக்கும் முப்பத்தைந்தில் பலவற்றுக்கு இதே குறை இருக்கலாம் என்றும், எவை எப்போது எழும் என்று சொல்ல முடியாது என்றும் பதில். கட்டுநர் ஊசி வழியாக எபாக்ஸி செலுத்திச் சரிசெய்யலாம் என்று கடிதத்தில் சொல்லியிருந்தார். அது வெற்றிடத்தை நிரப்பும், ஆனால் தோல் கட்டிய பசைமேல் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, சுவரோர இடைவெளியையும் அது உண்டாக்காது. முழு ஹாலையும் பெயர்த்து, ஓரம் விட்டு, மறுபடி போடுவதே தொழில்நுட்ப ரீதியில் சரி என்கிறார்.

பசை மட்டமா என்று வழக்கறிஞர் ஆசைப்பட்டுக் கேட்டாரே, அதற்கு விடை: அதே பசை ஒழுங்காகப் போட்ட இடத்தில் 0.6 காட்டியிருக்கிறது, மட்டம் என்று சொல்ல ஆதாரமில்லை. வீட்டுக்காரருக்கு இது கசந்தது. எனக்கென்னவோ அவருடைய வழக்கை இந்த வரியே காப்பாற்றும் என்று தோன்றுகிறது. பொருள் நல்லது, வேலை கெட்டது என்றால் பொறுப்பைப் பசை தயாரித்தவர் மேல் தள்ளிவிட வழியில்லை. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு வேலைத் தரக் குறையையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் சுட்டிக்காட்டினால் கட்டணமில்லாமல் முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இதை நான் சொல்கிறேன், நிபுணர் சொல்லவில்லை. ‘சேவைக் குறைபாடு’, ‘அலட்சியம்’ போன்ற சொற்கள் அவர் சுருக்கத்தில் எங்கும் இல்லை. 2021 மார்ச், 2023 டிசம்பர் என்ற தேதிகளை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மிச்சம் இருப்பது வரம்புப் பத்தி. எதிர்த்தரப்பு இதைத்தான் சிவப்பு மையால் கோடிடும். அதற்குப் பயந்து இதைச் சிறிதாக்கச் சொல்லும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். இந்த நிபுணர் நீளமாகவே எழுதியிருக்கிறார்.

திறந்தது ஆறு டைல்ஸ் மட்டும். கூடாக ஒலித்தவற்றில் இரண்டைத்தான் பார்த்தார், மீதி முப்பத்துமூன்று அதே போல இருக்கும் என்பது ஊகம், ஒலி வரைபடத்தின் துணையுள்ள ஊகம். அட்ஹெசிவ் எந்த நிறுவனத்தது, எந்த வகை என்று தெரியாது. பை கிடைக்கவில்லை, ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கப்படவுமில்லை. இழுவைச் சோதனையில் இரண்டு அளவுதான் கிடைத்தன, தரத்தில் சொன்ன எண் ஆய்வகத்தில் புதிதாக ஒட்டிய மாதிரிக்கு உரியது, மூன்று வருடத் தரைக்கு அதை நேராகப் பொருத்த முடியாது, ஒப்பிட மட்டுமே உதவும். கான்கிரீட் டைல்ஸ் போட்ட பிறகு உண்மையில் எவ்வளவு சுருங்கியது என்பதை இப்போது அளக்க வழியில்லை, மீட்டருக்கு 0.4 என்பது வழக்கமான அளவிலிருந்து எடுத்துக்கொண்டது. தேதிகள் கிடைத்தால் அதைத் திருத்துவேன் என்கிறார். படுக்கையறைகளைப் பார்க்கவில்லை, அறிவுறுத்தலில் ஹால் மட்டுமே இருந்தது. செலவு மதிப்பீடும் கேட்கப்படவில்லை.

இன்னொரு வரம்பு வீட்டுக்காரரால் வந்தது. எழுந்த அந்த இரண்டும், சுற்றியிருந்த ஏழும், நிபுணர் வருவதற்கு முன்பே ஒரு கொத்தனாரை வைத்துப் பெயர்த்து எடுக்கப்பட்டுவிட்டன. குழந்தை காலை வெட்டிக்கொள்ளும் என்ற பயம், நியாயமான பயம்தான். ஆனால் டைல்ஸ் குப்பை வண்டியில் போய்விட்டது, அடியில் இருந்த பசையையும் கொத்தனார் ஒழுங்காகச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார். வழக்கின் மையமான இரண்டு டைல்ஸின் முதுகை நிபுணர் பார்க்கவே இல்லை. அவற்றைப் பற்றிய கருத்து பக்கத்து டைல்ஸையும் கைப்பேசிப் படத்தையும் வைத்துச் சொன்னது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதிர்ஷ்டவசமாக ஒரு படத்தில் தரையில் நின்ற பசை வரிகள் தெளிவாக விழுந்திருக்கின்றன.

யார் வீட்டிலாவது டைல்ஸ் எழுந்தால், அந்த இடத்தைச் சுற்றி நாற்காலிகளை வைத்து மறித்துவிட்டு, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், அருகில் ஓர் அளவுகோலை வைத்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு டைல்ஸின் முதுகிலும் மார்க்கரால் எண்ணும், வாசல் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு, முதுகையும் அடியில் இருந்த தரையையும் சேர்த்துப் படம் எடுத்து, உடைந்த துண்டுகளோடு பரணில் ஏற்றிவிடுங்கள். தரையில் நிற்கும் பசையை யாரும் சுரண்ட விடாதீர்கள். கட்டுநருக்கும் எழுத்தில் தெரிவித்து, வந்து பார்த்துக்கொள்ள ஒரு வாரம் கொடுங்கள். பார்க்க வாய்ப்பே தரவில்லை என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

இந்த வழக்கில் அடுத்து நடக்கப்போவது, கட்டுநர் தரப்பும் ஒரு பொறியாளரைக் கூட்டிவருவது. இருவரையும் ஒரே நாளில் அந்த ஹாலில் உட்காரவைத்து, அவர் காட்டும் நான்கு டைல்ஸையும் இவர் காட்டும் நான்கு டைல்ஸையும் திறக்கலாம் என்று நிபுணரே சுருக்கத்தின் கடைசி வரியில் யோசனை சொல்லியிருக்கிறார். எட்டும் கூடாக ஒலித்தும் திறக்காமல் விட்ட அந்த முப்பத்துமூன்றிலிருந்து வர வேண்டும், யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.